எஸ்ஐபி தவணை வங்கியில் திரும்பினால்: அபராதக் கணக்கும் மூன்று தவணை விதியும்

மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் முதலீடு செய்யும் எஸ்ஐபி தவணை, கணக்கில் போதிய பணம் இல்லாமல் திரும்பிவிட்டால் இரண்டு இடங்களில் அதற்கு எதிர்வினை உண்டு. வங்கி உங்களிடம் அபராதம் பிடிக்கும். ஃபண்ட் நிறுவனம் அபராதம் எதுவும் பிடிக்காது, ஆனால் தொடர்ந்து எத்தனை தவணை தவறியது என்று எண்ணிக்கொண்டே வந்து, மூன்றாவது முறை உங்கள் எஸ்ஐபியை ரத்து செய்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாததுபோல் தோன்றினாலும், முதல் மாதம் வங்கி விதித்த அபராதமே இரண்டாம் மாதத் தவணையையும் மூன்றாம் மாதத் தவணையையும் திருப்பி அனுப்பிவிடக்கூடும். என் தம்பியின் கணக்கில் இதுதான் நடந்தது. அதைச் சரிசெய்ய வங்கிக்கும் ஃபண்ட் நிறுவனத்துக்கும் நாங்கள் அலைந்தபோது தெரிந்துகொண்டவற்றை, புதிதாக எஸ்ஐபி தொடங்கியவர்களுக்குப் பயன்படும் வகையில் வரிசையாக எழுதுகிறேன்.

1. தவணை ஏன் திரும்பியது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க நீங்கள் கையெழுத்திட்டோ, ஓடிபி கொடுத்தோ அளித்த அனுமதிக்கு மேண்டேட் என்று பெயர். அந்த மேண்டேட்டின் பேரில், தவணைத் தேதியன்று ஃபண்ட் நிறுவனத்தின் வங்கி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது என்பிசிஐ நடத்தும் நாச் என்னும் தீர்வு அமைப்பின் வழியாக உங்கள் வங்கிக்கு வந்து சேர்கிறது. பணம் இருந்தால் உங்கள் வங்கி கொடுத்துவிடும். இல்லையென்றால் ஒரு காரணத்தைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பும். அந்தக் காரணம் என்ன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது அமையும் என்பதால், அதை ஊகத்தில் விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் காரணம் இருப்புக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் பணம் தெரிந்தும் தவணை திரும்புவதுண்டு. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்திருந்தால், ஒதுக்கீடு முடியும்வரை அந்தத் தொகை உங்கள் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டிருக்கும். பழைய கட்டணம் ஏதேனும் பாக்கி இருந்தால் அதற்காகவும் ஒரு தொகையை வங்கி பிடித்து வைத்திருக்கும். ஆகவே செயலியில் பெரிதாகத் தெரியும் மொத்த இருப்பைப் பார்த்து நிம்மதி அடையாமல், எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்று தனியாகக் காட்டப்படும் தொகையைப் பாருங்கள்.

வேறு சில காரணங்களும் உள்ளன. மேண்டேட் இன்னும் வங்கியில் பதிவாகாமல் இருக்கலாம். மேண்டேட்டில் நீங்கள் எழுதிய உச்சவரம்பைவிடத் தவணைத் தொகை கூடிப்போயிருக்கலாம். ஆண்டுதோறும் தொகையைக் கூட்டும் ஸ்டெப்-அப் வசதியை எடுத்தவர்களுக்கு இது சில ஆண்டுகள் கழித்து நேரும். இப்படிப்பட்ட காரணங்களுக்கு அடுத்த மாதம் பணத்தை அதிகமாக வைத்தாலும் பலன் இராது. மேண்டேட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

காரணத்தை அறிய, ஃபண்ட் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலையோ குறுஞ்செய்தியையோ முதலில் பாருங்கள். அதில் தெளிவாக இல்லையென்றால் உங்கள் வங்கியில், மேண்டேட்டின் அடையாள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் UMRN என்ற பெயரில், நெட் பேங்கிங்கில் மேண்டேட்டுகளைக் காட்டும் பக்கத்தில் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்ட காரணத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது, ஏனெனில் அபராதத்தைத் திரும்பக் கேட்கும் நேரத்தில் அதுவே முக்கிய ஆதாரமாகும்.

2. வங்கி எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிடுங்கள்

தவணை திரும்பியதற்கான கட்டணத்தை ஒவ்வொரு வங்கியும் தானே நிர்ணயிக்கிறது. சேமிப்புக் கணக்குகளுக்குப் பொதுவாக ஒரு முறைக்கு 250 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குச் சற்று மேல்வரை இருக்கும். சில வங்கிகளில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போகப் போகத் தொகை கூடும். இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். உங்கள் வங்கியின் இணையதளத்தில் சேமிப்புக் கணக்குக்கான கட்டணப் பட்டியல் இருக்கும். அதில் செக் திரும்புவதற்கான கட்டணத்துக்கு அருகிலேயே ECS அல்லது NACH என்ற தலைப்பில் இது தனி வரியாக இருக்கும். கணக்கு வகைக்கு ஏற்பத் தொகை மாறும் என்பதால், உங்கள் கணக்கு எந்த வகை என்று பார்த்து, அதற்குரிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அபராதம் தவணைத் தொகையைப் பொறுத்ததன்று, திரும்பிய கோரிக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கட்டணம் 500 ரூபாய் என்றால், ஜிஎஸ்டியோடு 590 ரூபாய். திரும்பிய தவணை 20,000 ரூபாயாக இருந்தாலும் 590 ரூபாய்தான், 500 ரூபாயாக இருந்தாலும் 590 ரூபாய்தான். மாதம் 500 ரூபாய் போடுபவர், தவணை ஒரு முறை திரும்பினால், முதலீடு செய்ய நினைத்ததைவிட அதிகமான தொகையை அபராதமாகக் கட்டுகிறார்.

பல ஃபண்டுகளில் சிறு சிறு தொகையாகப் பிரித்துப் போடுபவர்களுக்கு இதனால் பாதிப்பு மிகுதி. ஒரே தேதியில் ஐந்து எஸ்ஐபி வைத்திருந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் கோரிக்கையாக வங்கிக்கு வந்தால், ஒரே காலையில் ஐந்து அபராதங்கள் விழும். நீங்கள் பயன்படுத்தும் செயலி அவற்றைச் சேர்த்து ஒரே கோரிக்கையாக அனுப்புகிறதா, தனித்தனியாக அனுப்புகிறதா என்பதை அறிய, சரியாகப் போன ஒரு மாதத்தின் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, தவணைத் தேதியில் எத்தனை வரிகள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ACH என்று தொடங்கும் வரிகள் அவை. எத்தனை வரிகளோ அத்தனை அபராதங்களுக்கு இடமுண்டு.

3. அபராதத்துக்கான பணத்தைத் தனியாகப் போடுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். தவணை திரும்பும்போது கணக்கில் பணம் இல்லை என்பதால், அபராதத்தை வங்கியால் அப்போதே எடுக்க இயலாது. அது பாக்கியாக நிற்கும். கணக்கில் அடுத்து எப்போது பணம் விழுகிறதோ அப்போது அதை எடுத்துக்கொள்ளும். சில வங்கிகள் கட்டணத்தைச் சில நாட்கள் கழித்தோ மாத முடிவிலோதான் பதிவுசெய்கின்றன. ஆகவே தவணை திரும்பிய அன்று ஸ்டேட்மென்ட்டில் அபராதம் எதுவும் இல்லையே என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

என் தம்பிக்கு நேர்ந்ததை எண்களோடு சொல்கிறேன். முதலீட்டுக்கென்றே குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத ஒரு சேமிப்புக் கணக்கை வைத்திருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 5,000 ரூபாய், 3,000 ரூபாய், 2,000 ரூபாய் என்று மூன்று எஸ்ஐபி தவணைகள் போகும். சம்பளக் கணக்கிலிருந்து மாதம் சரியாக 10,000 ரூபாயை அங்கே மாற்றி வைப்பது வழக்கம், அதனால் தவணைகள் போன பின் அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சாது. ஒரு மாதம் நிறுவனம் சம்பளத்தைத் தாமதமாகப் போட்டது. மூன்று தவணைகளும் திரும்பின. மூன்று முறை 590 ரூபாய், ஆக 1,770 ரூபாய் பாக்கி விழுந்தது. அந்த மாதத் தவணை தவறிவிட்டதால், சம்பளம் வந்த பிறகும் அவர் அந்தக் கணக்குக்குப் பணம் மாற்றவில்லை.

அடுத்த மாதம் சம்பளம் சரியான நேரத்தில் வந்தது. வழக்கம்போல் 10,000 ரூபாயை மாற்றினார். வங்கி தன் பாக்கி 1,770 ரூபாயை எடுத்துக்கொண்டது. மிச்சம் 8,230 ரூபாய். 5-ஆம் தேதி 5,000 ரூபாயும் 3,000 ரூபாயும் போயின. மீதி இருந்தது 230 ரூபாய்தான் என்பதால் 2,000 ரூபாய்த் தவணை திரும்பியது. அதற்கான 590 ரூபாய் அபராதத்தில் 230 ரூபாயை எடுத்துக்கொண்டு, 360 ரூபாயைப் பாக்கியாக வங்கி நிறுத்தியது.

மூன்றாம் மாதமும் 10,000 ரூபாய் போனது. 360 ரூபாய் கழிந்து 9,640 ரூபாய் நின்றது. இரண்டு பெரிய தவணைகள் போன பின் மிஞ்சியது 1,640 ரூபாய். 360 ரூபாய் குறைந்ததால் 2,000 ரூபாய்த் தவணை மீண்டும் திரும்பியது. ஆக, சம்பளம் ஒரே ஒரு மாதம் தாமதமானதற்கு ஐந்து அபராதங்கள், மொத்தம் 2,950 ரூபாய். அதோடு அந்த 2,000 ரூபாய் எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை தவறியது என்று கணக்காகி ரத்தும் ஆகிவிட்டது. இரண்டாம் மாதம் 10,000 ரூபாய்க்குப் பதில் 11,770 ரூபாய் மாற்றப்பட்டிருந்தால் முதல் மூன்று அபராதங்களோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே தவணை திரும்பியது தெரிந்தவுடன், திரும்பிய கோரிக்கைகளின் எண்ணிக்கையை உங்கள் வங்கியின் கட்டணத்தால் பெருக்கி, ஜிஎஸ்டியைச் சேர்த்து, அந்தத் தொகையை உடனே கணக்கில் போட்டுவிடுங்கள். வங்கி அதை எடுத்துக்கொண்டதற்கான பதிவு ஸ்டேட்மென்ட்டில் வரும்வரை கவனியுங்கள். அடுத்த தவணைத் தேதி நெருங்கியும் அது எடுக்கப்படவில்லையென்றால், தவணைத் தொகையோடு அபராதத் தொகையும் சேர்ந்து கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் பல தவணைகள் வந்து, எல்லாவற்றுக்கும் பணம் போதாதபோது, எது போக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க இயலாது. வங்கி எந்தக் கோரிக்கையை முதலில் எடுக்கிறதோ அது போகும், பணம் போதாதது திரும்பும். பெரிய தொகை முதலில் வந்து திரும்பி, சிறியவை போவதும் உண்டு.

4. ஃபண்ட் நிறுவனத்தின் எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

முன்பு இந்த விதி ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தது. 2024 ஏப்ரல் முதல் செபியின் அறிவுறுத்தலின்படி எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவுகோல். மாத எஸ்ஐபி என்றால் தொடர்ந்து மூன்று தவணைகள் தவறினால் ரத்து. தினசரி, வாராந்தர, இருவாரத் தவணைகளுக்கும் இதே மூன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, காலாண்டுக்கு ஒரு முறை அல்லது அதைவிட நீண்ட இடைவெளியில் வரும் தவணைகளுக்கு, தொடர்ந்து இரண்டு தவறினாலே ரத்து.

இந்த எண்ணிக்கையில் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. தவறுதல்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு தவணை போய்விட்டால் தொடர்ச்சி அறுந்து, கணக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்து வரும். எண்ணிக்கை உங்கள் பெயருக்கோ ஃபோலியோவுக்கோ இல்லை, ஒவ்வொரு எஸ்ஐபிக்கும் தனித்தனி. என் தம்பியின் மூன்றில் இரண்டு எஸ்ஐபிகள் இரண்டாம் மாதமே தப்பியதும், ஒன்று மட்டும் ரத்தானதும் அதனால்தான். தினசரி எஸ்ஐபி வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி மிகக் கடுமையாக வேலை செய்யும், ஏனெனில் சம்பளம் மூன்று வேலைநாள் தள்ளிப்போனாலே மூன்று அபராதங்களும் ரத்தும் ஒரே வாரத்தில் வந்துவிடும். சம்பளத்தை நம்பியிருப்பவர்கள் தினசரி எஸ்ஐபியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

முதல் தவணை தவறியவுடனே, தொடர்ந்து தவறினால் எஸ்ஐபி ரத்தாகும் என்பதை ஃபண்ட் நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தி, நீங்கள் ஃபோலியோவில் பதிவுசெய்த கைப்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும். எண்ணை மாற்றியவர்களும், முகவர் தன் மின்னஞ்சலையே எழுதிவிட்ட ஃபோலியோக்களை வைத்திருப்பவர்களும், எஸ்ஐபி நின்றுபோனது தெரியாமலே மாதக்கணக்கில் இருப்பதுண்டு. பதிவாளர் நிறுவனங்களான கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் உங்கள் ஃபோலியோவில் எந்த எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எஸ்ஐபி ரத்தானால் ஏற்கெனவே வாங்கிய யூனிட்டுகளுக்கு எதுவும் ஆகாது. அவை அப்படியே முதலீட்டில் தொடரும், நீங்கள் கேட்காமல் யாரும் அவற்றை விற்கமாட்டார்கள். கடன் தவணை திரும்பினால் சிபில் மதிப்பெண் குறைவதுபோல் எஸ்ஐபி தவணை திரும்பியதற்காகக் குறையாது, ஏனெனில் இது கடன் இல்லை. பணம் இல்லாமல் மின்னணுக் கோரிக்கை திரும்பினால் சிறைத்தண்டனைவரை வழிசெய்யும் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு ஒன்று இருக்கிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தப் பிரிவு, சட்டப்படி கட்டியாக வேண்டிய கடனுக்காகவோ பொறுப்புக்காகவோ கொடுத்த அனுமதியைப் பற்றியது. நீங்களாக விரும்பிச் செய்யும் முதலீட்டுத் தவணை அதில் வராது. ஆனால் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கிகள் சில மாத ஸ்டேட்மென்ட்டைக் கேட்கும், அதில் திரும்பிய வரிகள் பல இருந்தால் கடன் அதிகாரி விளக்கம் கேட்பார். அடுத்த ஆறு மாதத்தில் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

5. தவறிய மாதத்தின் தொகையை எப்படிச் சேர்ப்பது

நாச் வழியாக வரும் தவணை ஒரு முறை திரும்பினால், ஃபண்ட் நிறுவனம் பொதுவாக அதே மாதம் மறுபடி கேட்பதில்லை. மறுநாள் பணத்தைப் போட்டுவிட்டு, தானாக எடுத்துக்கொள்வார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்த மாதத் தொகையும் முதலீடாக வேண்டும் என்று விரும்பினால், அதே ஃபோலியோவில், அதே திட்டத்தில், ஒரு முறை முதலீடாக நீங்களே செலுத்திவிடலாம். பணம் ஃபண்ட் நிறுவனத்தின் கைக்கு வந்துசேரும் நாளின் என்ஏவி விலையில் யூனிட் கிடைக்கும். திட்டத்தின் குறைந்தபட்ச ஒருமுறை முதலீட்டுத் தொகை, எஸ்ஐபியின் குறைந்தபட்சத் தொகையைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தனியாகச் செலுத்துவது, தவறிய தவணையை ஈடுசெய்ததாகக் கணக்காகாது. மூன்று தவணை எண்ணிக்கை எஸ்ஐபி கோரிக்கையை மட்டுமே பார்க்கும். இரண்டு மாதம் தவணை தவறி, இரண்டு மாதமும் கையால் செலுத்தியிருந்தாலும், மூன்றாம் மாதத் தவணை திரும்பினால் எஸ்ஐபி ரத்துதான்.

யூபிஐ ஆட்டோபே வழியாக எஸ்ஐபி வைத்திருப்பவர்களுக்கு நடைமுறை சற்று வேறு. தவணைக்கு முந்தைய நாள் அறிவிப்பு வரும், முதல் முயற்சி தோற்றால் மறுமுயற்சிகளுக்கும் இடமுண்டு. அறிவிப்பு வந்ததும் இருப்பைப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும்.

6. பணம் இருக்காது என்று முன்பே தெரிந்தால்

வேலை மாற்றம், மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று அடுத்த மாதம் கை இறுகும் என்று தெரிந்தால், தவணையைத் திரும்ப விடாதீர்கள். பல ஃபண்ட் நிறுவனங்கள் எஸ்ஐபியை ஒன்று முதல் மூன்று மாதம்வரை நிறுத்தி வைக்கும் வசதியைத் தருகின்றன. இதற்குக் கட்டணம் இல்லை. நிறுத்தி வைத்த மாதத்தில் வங்கிக்குக் கோரிக்கையே வராது என்பதால் அபராதமும் இல்லை, எண்ணிக்கையும் ஏறாது. ஆனால் தவணைத் தேதிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. எத்தனை நாள் முன்பு என்பதும், ஒரு எஸ்ஐபிக்கு எத்தனை முறை என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே விண்ணப்பப் பக்கத்தில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அந்த அவகாசம் கடந்துவிட்டால் எஸ்ஐபியை ரத்து செய்வது ஒரு வழி. 2024 டிசம்பர் முதல், ரத்துக் கோரிக்கையை இரண்டு வேலைநாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. முன்பு இதற்குப் பத்து நாள்வரை ஆகும். தவணைத் தேதிக்கு நான்கைந்து வேலைநாள் இருக்கும்போதே ரத்து செய்துவிட்டு, நிலைமை சீரானதும் புதிதாகத் தொடங்கலாம்.

இங்கே வரிசை முக்கியம். அவசரத்தில் பலர் நெட் பேங்கிங்கில் நுழைந்து மேண்டேட்டை ரத்து செய்கிறார்கள். அப்படிச் செய்தால் வங்கியின் கதவுதான் மூடுகிறது. ஃபண்ட் நிறுவனத்தின் பதிவேட்டில் எஸ்ஐபி உயிரோடு இருக்கும், தேதி வந்ததும் அது கோரிக்கையை அனுப்பும், கோரிக்கை திரும்பும், தவறிய தவணையாக எண்ணப்படும். அதே மேண்டேட்டில் வேறு எஸ்ஐபிகளும் இயங்கிக்கொண்டிருந்தால் அவையும் சேர்ந்து திரும்பும். முதலில் ஃபண்ட் நிறுவனத்திலோ செயலியிலோ எஸ்ஐபியை ரத்து செய்யுங்கள். அது உறுதியான செய்தி வந்த பிறகு, அந்த மேண்டேட் வேறு எதற்கும் தேவையில்லை என்றால் மட்டும் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள். வங்கிக் கணக்கை மூடப் போகிறவர்களுக்கும் இதே வரிசைதான்.

7. அபராதத்தைத் திரும்பக் கேட்பது

உங்கள் கணக்கில் பணம் இருந்தும் வங்கியின் பிழையால் தவணை திரும்பியிருந்தால், அபராதத்தைத் திரும்பப் பெறுவது உங்கள் உரிமை. பணம் இல்லாமல்தான் திரும்பியது என்றாலும், முதல் முறை என்ற காரணத்தைச் சொல்லிக் கேட்டால் கிளை மேலாளர் தம் விருப்புரிமையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுப்பதுண்டு. எங்களுக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. வாய்மொழியாகக் கேட்டபோது நடக்காத வேலை, கடிதம் கொடுத்த பிறகு நடந்தது.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை குறைவுதான். தவணைத் தேதிக்கு முந்தைய நாளையும் மறுநாளையும் சேர்த்துக் காட்டும் ஸ்டேட்மென்ட் பக்கம், மேண்டேட்டின் UMRN எண், ஃபண்ட் நிறுவனம் அனுப்பிய செய்தியின் நகல், சம்பளத் தாமதம் காரணமென்றால் நிறுவனத்திடமிருந்து பெற்ற மின்னஞ்சல் ஆகியவை போதும். அபராதம் திரும்பினால் அதன் மேல் பிடித்த ஜிஎஸ்டியும் சேர்ந்து திரும்ப வேண்டும், அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கிளையின் முத்திரையோ, மின்னஞ்சல் என்றால் புகார் எண்ணோ வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியின் பிழை தெளிவாக இருந்தும் 30 நாளில் பதில் வரவில்லையென்றாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஃபண்ட் நிறுவனத்தின் பக்கம் பிழை என்றால், உதாரணமாகக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டும் யூனிட் வரவில்லை என்றால், முதலில் அந்த நிறுவனத்துக்கும், தீராவிட்டால் scores.sebi.gov.in தளத்தில் செபிக்கும் எழுத வேண்டும்.

8. ரத்தான பின் புதிதாகத் தொடங்கும்போது

ரத்தான எஸ்ஐபியை உயிர்ப்பிக்க முடியாது, புதிதாகத்தான் பதிவுசெய்ய வேண்டும். அதே ஃபோலியோ எண்ணைக் கொடுத்தால் பழைய யூனிட்டுகளோடு ஒரே இடத்தில் சேரும். பழைய மேண்டேட் வங்கியில் இன்னும் செல்லுபடியாக இருந்தால் பெரும்பாலும் அதையே பயன்படுத்தலாம். புதிய மேண்டேட் தேவையென்றால், நெட் பேங்கிங், டெபிட் கார்டு அல்லது ஆதார் வழியாகச் சில வேலைநாளில் பதிவாகும், காகிதப் படிவம் என்றால் மூன்று வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் முதல் தவணைத் தேதி வந்துவிடாதபடி தேர்ந்தெடுங்கள். மேண்டேட்டின் உச்சவரம்பைத் தவணைத் தொகையைவிடத் தாராளமாக எழுதுங்கள். பழைய எஸ்ஐபியில் ஸ்டெப்-அப் வைத்திருந்தால் அது தானாகத் தொடராது, மறுபடி குறிப்பிட வேண்டும்.

தேதியை இம்முறை யோசித்து வையுங்கள். வழக்கமான சம்பளத் தேதியிலிருந்து குறைந்தது ஐந்து நாள் தள்ளி வைப்பது பாதுகாப்பு. மாதத்தின் கடைசி நாளில் சம்பளம் வருபவருக்கு 7 அல்லது 10-ஆம் தேதி பொருந்தும். வீட்டுக் கடன் தவணை அதே கணக்கிலிருந்து போனால், அது போன பிறகு எஸ்ஐபி வரட்டும், ஏனெனில் கடன் தவணை திரும்பினால் விளைவு மிகப் பெரியது. தவணைத் தேதி விடுமுறையில் விழுந்தால் எஸ்ஐபி அடுத்த வேலைநாளில் எடுக்கப்படும், ஆகவே தேதி கடந்துவிட்டதே என்று அந்தப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிடாதீர்கள். கோரிக்கைகள் பெரும்பாலும் காலையிலேயே வங்கியில் எடுத்துக்கொள்ளப்படுவதால், தவணை நாளன்று மதியம் போடும் பணம் உதவாமல் போகலாம். முந்தைய நாள் மாலைக்குள் முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். அதோடு ஒரு அபராதத்துக்கு ஈடான தொகையை, உங்கள் வங்கியின் கட்டணம் 500 ரூபாய் என்றால் 590 ரூபாயை, எப்போதும் தொடாமல் அந்தக் கணக்கிலேயே விட்டு வைத்தால், ஏதோ ஒரு மாதம் ஒரு தவணை தவறினாலும் அந்த அபராதம் அடுத்த மாதத் தவணைப் பணத்தைத் தொடாது.